அப்பா எழுதிய இத்தாலியக் கடிதத்தில் எதற்கு நீலக்கோடு?

கேள்வி: ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பலேர்மோவில் வீட்டு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அப்பா ஒருவர் இத்தாலிய மொழியில் எழுதிய கடிதத்தை ஒரு வயதான, ஓய்வுபெற்ற ஆசிரியை திருத்துகிறார். அவ்வளவுதான் கதை. எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. அவர் என்ன மாதிரிப் பிழைகள் விடுவார், அந்த அம்மா எப்படித் திருத்துவார்?

பதில்: இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலேர்மோவில் நம்மவர்களுக்கு மாலை நேரங்களில் இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்தவன் நான். இப்படிப்பட்ட கடிதங்கள் நிறையக் கையில் வந்திருக்கின்றன. களம் சரியாகத்தான் இருக்கிறது. 1980களிலிருந்து அந்த நகரத்தில் ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். பல்லரோ சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பார்கள், வீட்டு வேலைக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளவும் போவார்கள். அதனால் கடிதத்தைத் திருத்துபவர் அவர் வேலை பார்க்கும் வீட்டு அம்மாவாகவே இருக்கட்டும். ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை, எழுபது வயது, தனியாக இருக்கிறார். காலையில் வந்து சமைத்து, கூட்டி, மருந்து எடுத்துக்கொடுத்துவிட்டுப் போகிறவர் இந்த அப்பா. ஒருநாள் மேசையைத் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மகளின் கட்டம் போட்ட கொப்பியில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டுகிறார்.

முதலில் கடிதம் எதற்கு என்று முடிவுசெய்யுங்கள். வெறும் லீவுக் கடிதம் என்றால் கதையில் பிடிமானம் இருக்காது. நான் சொல்லும் காரணம் அங்கே உண்மையாகவே நடக்கிற ஒன்று. 2004 ஜனவரி. அப்பா முன்னமே வந்துவிட்டார். மனைவியும் மகளும் குடும்ப இணைப்பு விசாவில் இப்போதுதான் வந்திருக்கிறார்கள். மகளுக்குப் பத்து வயது. போன ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிப் பாஸ் ஆனவள். பலேர்மோ பள்ளியில் அவளை மூன்றாம் வகுப்பில் போட்டுவிட்டார்கள், இத்தாலிய மொழி தெரியாது என்பதால். ஐந்தாம் வகுப்பில் போடச் சொல்லித் தலைமை அதிகாரிக்கு அப்பா எழுதுகிறார்.

இதற்குச் சட்டமே இருக்கிறது. 1999 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 394ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணை, 45ஆவது பிரிவு. வெளிநாட்டுப் பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், வருஷத்தின் எந்த நேரத்திலும் சேர்க்கலாம். வேறு வகுப்பில் போடுவதென்றால் ஆசிரியர் குழு கூடித் தீர்மானிக்க வேண்டும். பிள்ளை வந்த நாட்டின் கல்விமுறை வேறாக இருப்பதால் ஒரு வகுப்பு கீழேயோ மேலேயோ போடலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. இரண்டு வகுப்பு இறக்குவதை அந்தக் காரணத்தை வைத்து நியாயப்படுத்த முடியாது. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆசிரியைக்கும் தெரியத் தேவையில்லை, ஆணை வருவதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அப்பா கெஞ்சிக் கேட்பது உண்மையில் அவருடைய பிள்ளையின் உரிமை.

இனி கடிதம். அவர் இத்தாலிய மொழியில் எழுதியதை, பிழையும் தெரிகிற மாதிரி தமிழில் போட்டால் இப்படி இருக்கும்:

“மாண்புமிகு இயக்குநர், நான் நலம், நீயும் நலமாய் இருக்கிறாய் என்று நம்புகிறேன். என் மகளுக்குப் பத்து வயது. ஜனவரியில் இத்தாலி வந்தாள். இலங்கையில் பை வென்றாள். பள்ளியில் நீ மூன்றில் போட்டாய். என் மகளுக்குப் படிக்கப் பிடிக்கும். கணக்கு முழுக்கத் தெரியும். உன்னைக் கெஞ்சுகிறேன், ஐந்தில் போடு. இத்தாலியன் உடனே படிப்பாள். உன்...”

கீழே கையெழுத்து. அவ்வளவுதான். இதைவிட நீளமாக எழுதவைக்காதீர்கள். வீட்டு வேலையில் மொழியைப் பிடித்தவர்கள் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் எழுதுவார்கள்.

அந்த அம்மா கையில் என்ன எடுப்பார்? சிவப்புப் பேனா என்று எழுதிவிடாதீர்கள். அவர் தலைமுறை இத்தாலிய ஆசிரியர்களின் ஆயுதம் இருமுனைப் பென்சில். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சிறு பிழைக்குச் சிவப்பு, மன்னிக்க முடியாத பிழைக்கு நீலம். இன்றைக்கும் அங்கே ஒருவர் பெரிய தவறு செய்துவிட்டால் ‘நீலப் பென்சில் பிழை’ என்பார்கள். எது சிவப்பு, எது நீலம் என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் கொஞ்சம் மாறும். உங்கள் கதைக்கு அதுதான் வசதி. அவர் எதற்குப் பென்சிலைத் திருப்பிப் பிடிக்கிறார் என்பதைக் காட்டினாலே அவர் எப்படிப்பட்டவர் என்று வாசகருக்குப் புரிந்துவிடும். தனியாக வர்ணிக்க வேண்டாம்.

இப்போது பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லா வெளிநாட்டவரும் ஒரே பிழையை விடுவதில்லை. அரபு பேசுகிறவர் விடுவது வேறு, தமிழர் விடுவது வேறு. உங்கள் அப்பாவின் பிழையில் தமிழ் வாடை அடிக்க வேண்டும்.

முதலாவது ‘இத்தாலி’. நாம் அப்படித்தானே எழுதுகிறோம், ‘த்’ போட்டு. இத்தாலியர்கள் அந்த இடத்தில் ஒரே ஒரு ‘டி’ எழுத்துதான் எழுதுவார்கள். நமக்கு இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக நிற்கும் ‘த’ மெலிந்து ஒலிக்கும். வல்லினமாகக் கேட்க வேண்டுமென்றால் இரட்டித்தாக வேண்டும். அந்தக் காதோடு எழுதினால் ‘இத்தாலியா’வில் இரண்டு ‘டி’ விழும். நண்பன் என்ற பொருளில் வரும் ‘அமீக்கோ’வுக்கு இரண்டு ‘சி’ விழும், நோயாளி என்ற ‘மலாத்தா’வுக்கு இரண்டு ‘டி’ விழும். பள்ளியில் இரட்டைக் கோடு வாங்குகிற பிழை இது. ஆனால் உங்கள் ஆசிரியை பலேர்மோக்காரர் என்றால் இதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியமே வராது. சிசிலிக்காரர்களே சில மெய்களை, முக்கியமாக ‘பி’, ‘ஜி’ எழுத்துகளை, ஒற்றையாக இருக்கும் இடத்தில் அழுத்தி இரட்டிப்பார்கள். அவர் நாற்பது வருஷம் சொந்த ஊர்ப் பிள்ளைகளின் கொப்பியில் அதற்குத்தான் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இதை அப்பா சந்தையில் பிடித்த பழக்கம் என்று நினைத்து, சலித்துக்கொண்டே ஒரு சிவப்புக் கோடு போடுவார். யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுவந்தது என்று அவருக்குத் தெரியாது.

சந்தையில் பிடித்ததும் இருக்கிறது. பள்ளிக்கு இத்தாலிய மொழியில் ‘ஸ்குவோலா’, சிசிலியப் பேச்சில் ‘ஸ்கோலா’. அப்பா ஸ்கோலா என்றுதான் எழுதியிருப்பார். இதற்கு நீலம் நிச்சயம். ‘வந்தாள்’ என்பதற்கு அவர் ‘வென்னே’ என்று எழுதியிருப்பார். அது நீண்ட காலத்துக்கு முன் நடந்ததற்குரிய இறந்தகால வடிவம். வட இத்தாலியில் பேச்சில் அதைக் கேட்பதே அபூர்வம். சிசிலியில் காலையில் நடந்ததற்குக்கூட அதைச் சொல்வார்கள். தூரினிலிருந்து வந்த ஆசிரியை என்றால் உடனே கோடு போடுவார். பலேர்மோ ஆசிரியையின் கண்ணில் அது படவே படாது. ஆகவே அவருடைய சொந்த ஊரை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்தது. இத்தாலியர்கள் வயதைச் சொல்லும்போது ‘மகள் பத்து வருஷம் வைத்திருக்கிறாள்’ என்கிற மாதிரி சொல்வார்கள். ‘வைத்திருக்கிறாள்’ என்பதற்கான சொல் ‘ஆ’. எழுதும்போது அதற்கு முன்னால் ஒலிக்காத ஒரு ‘எச்’ வரும். நம்முடைய நான்காம் வேற்றுமை ‘கு’ உருபுக்குச் சமமான முன்னிடைச்சொல்லும் ‘ஆ’ தான். அதற்கு ‘எச்’ கிடையாது. அப்பா தமிழில் நினைத்து, ‘மகளுக்குப் பத்து வயது’ என்பதை அப்படியே போடுகிறார்: ‘ஆ மீயா ஃபீல்யா தியேச்சி ஆன்னி’. ஆசிரியை இதைப் படித்ததும் ‘எச்’ விட்டுப்போச்சு என்றுதான் நினைப்பார். முதல் வகுப்புப் பிள்ளைகள் காலங்காலமாக விடுகிற பிழை அது, நீலத்திலும் நீலம். முன்னால் ஒரு ‘எச்’ போட்டு, அந்தச் சொல்லை ‘ஃபீல்யா’வுக்குப் பின்னால் நகர்த்துகிறார். வாக்கியம் சரியாகிவிடுகிறது! ஆனால் அப்பா விட்டது அந்தப் பிழை இல்லை. அவர் ‘கு’ போட்டதை ஆசிரியை ‘எச்’ போட்டு மாற்றிவிட்டுப் போகிறார், இரண்டு பேருக்கும் தெரியாமலே. வாசகருக்கு மட்டும் இது தெரிகிற மாதிரி எழுத முடிந்தால் நல்லது. கஷ்டம்தான், ஒரு பத்தியாவது செலவாகும்.

அதே ‘கு’ இன்னொரு இடத்தில் அவரைக் காப்பாற்றுகிறது. ‘என் மகளுக்குப் படிக்கப் பிடிக்கும்’ என்பதை இத்தாலியரும் நம்மைப் போலவே ‘மகளுக்கு’ என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலக்காரர்கள் மாசக்கணக்கில் தடுமாறுகிற இடம். நம்மவர்கள் முதல் வாரத்திலேயே சரியாகச் சொல்லிவிடுவார்கள். ‘என் மகள்’ என்பதற்கு முன்னால், ஆங்கிலத்தில் ‘தி’ போடுகிற மாதிரியான சொல்லைப் போடாமல் விட்டிருக்கிறாரே, அதுவும் சரி. தமிழில் அந்தச் சொல்லே இல்லாததால் அவர் எல்லா இடத்திலும் விடுகிறார். ஒருமையில் வரும் நெருங்கிய உறவுப் பெயருக்கு முன் அதை விடவேண்டும் என்பது இத்தாலிய விதி. பாதி படித்தவர்தான் அங்கே தேவையில்லாமல் அதைப் போட்டு மாட்டிக்கொள்வார். இவ்வளவு கோட்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் சுத்தமாக நிற்பதைப் பார்த்து ஆசிரியை பென்சிலைத் தூக்கியபடி ஒரு கணம் நிற்கலாம்.

‘பை வென்றாள்’ என்பது சிரிப்பு வரவேண்டிய இடம், ஆனால் கடிதமே இதில்தான் தொங்குகிறது. உதவித்தொகைக்கு இத்தாலியச் சொல் ‘போர்ஸா தி ஸ்தூதியோ’, படிப்புப் பை என்கிற மாதிரி. பல்கலைக்கழக ஆட்கள் சுருக்கி வெறும் ‘போர்ஸா’ என்றே சொல்வார்கள். பத்து வயதுப் பிள்ளை போர்ஸா வென்றாள் என்றால் யாரும் பரீட்சையை நினைக்க மாட்டார்கள். கோயில் திருவிழாவில் சீட்டு இழுத்து ஒரு கைப்பை கிடைத்தது என்றுதான் நினைப்பார்கள். ஆசிரியையும் அப்படித்தான் கேட்பார்:

“என்ன பை?”

அப்பா விளக்குகிறார். ஐந்தாம் வகுப்பில் நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும் அரசாங்கப் பரீட்சை. அதில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் நல்ல பள்ளியில் இடம், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மாதாமாதம் காசு. அவர் சொல்லச் சொல்ல ஆசிரியைக்கு உறைக்கிறது. அப்படியானால் இந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பை ஏற்கெனவே முடித்துவிட்டதே! அதை விட்டுவிட்டு, கணக்கு முழுக்கத் தெரியும் என்று இவர் எழுதிவைத்திருக்கிறார். இந்த இடத்தில் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ‘நாட்டின் அரசுத் தேர்வில் தேறியவள், ஐந்தாம் வகுப்பு முடித்தவள்’ என்ற வரியை அப்பாவின் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். இலக்கணத்தில் எந்தக் கோடும் விழாத இடம் இது. கடிதத்தின் பலம் முழுக்க இங்கேதான் வருகிறது.

முதல் வரியையும் பாருங்கள். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்காமல் நம்மால் கடிதம் எழுத முடியுமா? அங்கே அலுவலகக் கடிதத்தில் யாரும் இயக்குநரின் உடம்பை விசாரிப்பதில்லை. ஆசிரியை அந்த வரியை முழுசாக அடித்துவிடுவார், நிறம்கூடப் பார்க்காமல். கடைசியில் ‘உன்’ என்று முடிகிறதே, அதற்குப் பதில் ‘தீஸ்தின்தி சலூத்தி’ போடுவார். அங்கே அலுவலகக் கடிதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். ‘இயக்குநர்’ என்ற சொல்லை மட்டும் தொடமாட்டார். 2000 செப்டம்பரிலிருந்து அந்தப் பதவியின் பெயர் மாறிவிட்டது. ஆனால் இவர் வேலை பார்த்த காலத்தில் அது ‘திரெத்தோரே’ தான், இவருக்கு இன்னும் அதுதான்.

இனி அந்த ‘நீ’. உங்கள் கதை உண்மையில் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

இத்தாலிய மொழியில் நீக்கு ‘து’, நீங்களுக்கு ‘லேய்’. பள்ளி அதிகாரிக்கு ‘து’ போட்டு எழுதுவது அபத்தம், கிட்டத்தட்ட அவமானம். வெளிநாட்டவர் விட்டால் சிரித்துவிட்டு விடுவார்கள், ஆனால் அந்தச் சிரிப்பிலேயே கடிதம் எழுதியவரின் உயரம் குறைந்துவிடும். அப்பா ஏன் இந்தப் பிழையை விடுகிறார்? மரியாதை தெரியாதவரா? யாழ்ப்பாணத்து ஆள். பெற்ற பிள்ளையையே ‘வாங்கோ, இருங்கோ’ என்று கூப்பிடுகிற ஊர். பிள்ளைக்கே ‘நீங்கள்’ போடுகிறவர் அதிகாரிக்கு ‘நீ’ போட்டால் அதற்குக் காரணம் வேண்டும்.

காரணம் இதுதான். அவர் இந்த மொழியைப் புத்தகத்தில் படிக்கவில்லை. தன்னிடம் பேசியவர்களின் வாயிலிருந்து எடுத்துக்கொண்டார். சந்தையில், பஸ்ஸில், வேலை செய்த வீடுகளில், அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் என்று எல்லோரும் அவரிடம் ‘து’ தான் சொன்னார்கள். வெளிநாட்டு வேலையாளிடம் அப்படிப் பேசுவது அங்கே வழக்கம், பேசுகிறவர்களுக்கு அது தெரிவதுகூட இல்லை. தன்னை நோக்கி ஒருமுறைகூட வராத ‘லேய்’ அவருக்கு எப்படித் தெரியும்? ‘அவள்’ என்பதற்கும் அதே சொல்தான் என்பதால், யாராவது சொல்லிக் கேட்டிருந்தாலும் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

ஆசிரியை முதல் ‘து’வில் நீல முனையை வைக்கிறார். அப்புறம் அடுத்ததில். ‘து’வை ‘லேய்’ ஆக்குவது ஒரு சொல்லை மாற்றுகிற வேலை இல்லை. நம் ‘நீ போடு’ ‘நீங்கள் போடுங்கள்’ ஆவதைப் போல வினையும் சேர்ந்து மாறும். ‘மெத்தி’ என்பது ‘மெத்தா’ ஆக வேண்டும், ‘தி ப்ரேகோ’ என்பது ‘லா ப்ரேகோ’ ஆக வேண்டும். தாள் முழுக்க நீலமாகிறது. இந்த இடத்துக்கு நான் எழுதுவதென்றால் இவ்வளவுதான் எழுதுவேன்:

“இயக்குநருக்கு யாராவது ‘து’ போடுவார்களா?” என்றாள் சின்யோரா.

“போடக்கூடாதா?”

“கூடாது. தெரியாதவர்களுக்கு, பெரியவர்களுக்கு எல்லாம் லேய். இத்தனை வருஷம் இருக்கிறாய், யாரும் சொல்லித்தரவில்லையா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “எல்லாரும் ‘து’ தானே சொல்கிறார்கள், சின்யோரா.”

“யார் எல்லாரும்?”

“எல்லாரும். நீயும்.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். சின்யோரா பென்சிலைத் திருப்பினாள், சிவப்பு முனை மேலே வந்தது, மறுபடி திருப்பினாள்.

இதற்கு மேல் ஒரு வரிகூட விளக்கம் வேண்டாம். அழவைக்காதீர்கள், மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள். எழுபது வயதில் ஒருவர் பழக்கத்தை அந்த நிமிஷமே மாற்றிக்கொள்ள மாட்டார். அடுத்த வாக்கியத்திலேயே அவர் மறுபடி ‘நீ’ என்று சொல்லலாம், சொல்லிவிட்டு நிறுத்தலாம்.

இதில் தமிழில் எழுதும் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அப்பா இத்தாலிய மொழியில் பேசும் இடமெல்லாம் ஆசிரியையை ‘நீ’ என்றே சொல்ல வேண்டும். “சின்யோரா, நீ மருந்து குடித்தாயா?” என்று தொடக்கத்திலேயே ஓரிரு முறை வந்துவிட வேண்டும். வாசகருக்கு உறுத்தும். உறுத்தட்டும். அதே அப்பா வீட்டுக்குப் போய் மகளிடம் “சாப்பிட்டிட்டீங்களோ?” என்று கேட்க வேண்டும். பல பேர் இங்கே தவறிவிடுவார்கள். தமிழ் மரியாதையை விட முடியாமல் இத்தாலியப் பேச்சிலும் ‘நீங்கள்’ போட்டுவிடுவார்கள். போட்டால் கடிதத்தில் வரும் ‘நீ’ வெறும் எழுத்துப்பிழையாகத்தான் தெரியும்.

ஆசிரியையின் மனசைப் பற்றியும் கொஞ்சம். 1934 வாக்கில் பிறந்து, இருபது சொச்சம் வயதில் வேலைக்கு வந்தவர் என்றால், ஒரு பெரிய சண்டையின் நடுவில் வேலை பார்த்தவர். 1975இல் ‘ஜிஷெல்’ என்ற அமைப்பைச் சேர்ந்த மொழியியலாளர்களும் ஆசிரியர்களும் மொழிக் கல்வி பற்றிப் பத்துக் கருத்துகளை வெளியிட்டார்கள். அதன் பின்னால் இருந்த முக்கியமான ஆள் துல்லியோ தெ மௌரோ, பிறகு கல்வி அமைச்சராகவும் இருந்தவர். பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சைக் கோடு போட்டு அழிப்பது மொழிக் கல்வி ஆகாது என்பது அதன் சாரம். உங்கள் ஆசிரியை அதை ஏற்றவரா, முகம் சுளித்தவரா? நான் என்றால் சுளித்தவராகத்தான் வைப்பேன். ‘ஸ்கோலா’வை விட்டுக்கொடுத்தால் அந்தப் பிள்ளை கடைசிவரை சந்தையில்தான் நிற்கும் என்று நம்பிய, ஏழைப் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ள, கண்டிப்பான ஆள். அவர் நம்பிக்கையும் முட்டாள்தனம் இல்லை. நல்லவர், கெட்டவர் என்று பிரித்தால் கதை உடனே சப்பென்று ஆகிவிடும்.

கடைசியாக நகல். அவர் தானே எழுதிக் கொடுக்க மாட்டார். அங்கே பள்ளியில் ‘அசிங்கப் பிரதி’, ‘அழகுப் பிரதி’ என்று இரண்டு உண்டு. முதலில் கிறுக்கியதைத் திருத்தி, பிள்ளை தன் கையால் சுத்தமாக எழுத வேண்டும். அலமாரியிலிருந்து கோடு போட்ட மடிப்புத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, எழுது என்பார். சின்னப் பிழை இரண்டை வேண்டுமென்றே விட்டும் வைப்பார். கடிதம் பழுதில்லாமல் போய், மறுநாள் அதிகாரி முன்னால் நிற்பவர் தட்டுத் தடுமாறிப் பேசினால், யாரோ எழுதிக் கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

நகல் எடுக்கும்போது புதுப் பிழை ஒன்று வரும், கட்டாயம் வரும். ‘நீங்கள்’ என்பதற்கும் ‘அவள்’ என்பதற்கும் ஒரே ‘லேய்’ தான் என்றேன். எழுத்தில் மரியாதைக்கு உரியவருக்கு முதல் எழுத்தைப் பெரிதாகப் போடும் வழக்கம் உண்டு. மகளைச் சொல்லும்போது சின்ன எழுத்து. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று எதுவும் இல்லை. எங்கே எது என்று குழம்பிய அப்பா, வம்பே வேண்டாம் என்று எல்லா ‘லேய்’க்கும் பெரிய எழுத்தே போட்டுவிடுகிறார். இயக்குநருக்கு இருக்கிற மரியாதை கடிதம் முழுக்க மகளுக்கும் இருக்கிறது. ஆசிரியை அதைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறார். கதையை இங்கே முடிக்கலாம் என்பது என் யோசனை. வீட்டில் மகளை ‘நீங்கள்’ என்று கூப்பிட்டதை முன்னாலேயே காட்டியிருந்தால் வாசகர் தானே பிடித்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்றும் எழுத நினைத்தால் ஒரு எச்சரிக்கை. இயக்குநர் கடிதத்தைப் படித்து மனம் இளகி, அந்த இடத்திலேயே பிள்ளையை ஐந்தாம் வகுப்புக்கு அனுப்புகிற மாதிரி எழுதாதீர்கள். பத்து நாள் பதில் வராது. அப்புறம் பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போனில் கூப்பிட்டு, இலங்கைப் பள்ளியின் தேர்ச்சி அறிக்கை எங்கே, அதற்கு இத்தாலிய மொழிபெயர்ப்பு எங்கே என்று கேட்பார். அப்பாவிடம் இருப்பது தமிழில் அச்சடித்த ஒரு தாள். அதை மொழிபெயர்த்து முத்திரை வாங்குவது தனிக் கதை. போனில் அந்த அம்மாவும் ‘து’ என்றுதான் பேசுவார்.